மணவோலையில் ஒரு வெண்பா



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. திருமண அழைப்பிதழின் தலைப்பில் அச்சிடப்பெறும் நான்கடிச் செய்யுளைப் பற்றியே பேசப் போகிறேன். யாப்புப் பயின்றவர் என்று பெயரெடுத்த எவரிடமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு குடும்பத்தார் வந்து, 'பழந்தமிழ் நடையில் ஒரு பாட்டு எழுதித் தாருங்கள்' என்று கேட்பதுண்டு. நம் வட்டத்து அன்பர்களுக்கும் இது புதிதன்று. கேட்பவர்கள் கவிதை நயத்தை நாடி வருவதில்லை. தம் பிள்ளையின் பெயர் ஒரு செய்யுளுக்குள் நிற்பதைக் காண விரும்பி வருகிறார்கள். ஆகவே அச்செய்யுளின் வெற்றியும் தோல்வியும் பெயர்கள் அதனுள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்தவை. இந்த ஒன்றையே விளக்க முயல்கிறேன்.

அழைப்பிதழுக்குப் பெரும்பாலும் வெண்பாவையே நாடுகிறோம். நான்கே அடிகள், முதல் மூன்றடிகளில் நான்கு நான்கு சீர்கள், ஈற்றடியில் மூன்று சீர்கள். ஆகப் பதினைந்து சீர்கள் மட்டுமே நம் கையிருப்பு. இப்பதினைந்துக்குள் இரண்டு பெயர்களும், நாளும், மணம் என்னும் செய்தியும், அழைப்பும் அடங்கவேண்டும். மணி, மண்டபம், ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கீழே வரும் உரைநடைக்கு விட்டுவிடலாம். அவற்றையும் பாட்டிற்குள் திணிக்க முயல்வோர் மண்டபத்தின் பெயரை இரண்டாக ஒடித்து இரு சீர்களாக்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள்.

எழுதத் தொடங்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை, பெயர்களை அளந்து பார்ப்பதுதான். அசை இரண்டே வகை. குறிலோ நெடிலோ தனித்து நின்றாலும், ஒற்றடுத்து நின்றாலும் நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து நின்றால், ஒற்றடுத்தாலும் அடுக்காவிட்டாலும், நிரையசை. வெண்பாவில் ஒரு சீர் 'மா' என முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். 'விளம்' என முடிந்தாலும் 'காய்' என முடிந்தாலும் அடுத்த சீர் நேரில் தொடங்கவேண்டும். மூவசைச் சீரின் ஈற்றில் நிரை வந்து 'கனி' ஆகிவிட்டால், அச்சீருக்கு வெண்பாவில் இடமே இல்லை. காரிகை கற்றவர் அனைவரும் அறிந்த இவ்விதியைப் பெயர்களின்மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் அழைப்பிதழின் சிக்கல்கள் வெளிப்படுகின்றன.

ஏனெனில், பெயர் தனியாக வருவதில்லை. 'இன்னாரும் இன்னாரும்' என்று உம்மை ஏற்றே வருகிறது. உம்மை சேர்ந்ததும் பெயரின் அளவு மாறிவிடுகிறது. 'இளங்கோ' என்பது புளிமா. 'இளங்கோவும்' என்றதும் புளிமாங்காய் ஆகிறது. 'பூங்கொடி' என்பது கூவிளம். 'பூங்கொடியும்' என்றதும் கூவிளங்காய் ஆகிறது. இரண்டும் வெண்பாவிற்கு உகந்தவை. 'செழியன்' என்பதும் இளங்கோவைப் போலப் புளிமாவே. ஆயினும் ஒற்றில் முடிவதால், 'செழியனும்' என்னும்போது அவ்வொற்று உயிரேறி, செழி, யனும் என இரு நிரைகளாகிக் கருவிளம் ஆகிறது. இதுவும் ஏற்கத்தக்கதே. இனி 'அறிவழகன்' என்னும் பெயரைப் பாருங்கள். தனியே நின்றால் கருவிளங்காய், குற்றமில்லை. 'அறிவழகனும்' என்றால் அறி, வழ, கனும் என மூன்று நிரைகளாகிக் கருவிளங்கனி ஆகிவிடுகிறது. வெண்பாவின் கதவு அந்த இடத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

இத்தகைய நிலையில் பெயரைச் சிதைப்பது தவறு. இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. உம்மையை மறைத்துத் தொகையாக்கினால் போதும். 'அறிவழகன் பூங்கொடி ஆமிருவர்' என்று எழுதினால் இரு பெயர்களும் முழுமையாக நிற்கின்றன. காயின்முன் நேரும், விளத்தின்முன் நேருமாகத் தளையும் பிழையாமல் ஓடுகிறது. உம்மைத்தொகையைத் தேர்வுக்காகப் படித்தவர்கள், அது உயிர் காக்கும் இடத்தை இங்கே காணலாம்.

வழியே இல்லாத பெயர்களும் உண்டு. 'செந்தாமரை' என்பது நேர், நேர், நிரை எனத் தேமாங்கனி. வெண்பாவிற்குள் இது வரவேண்டுமானால் 'செந்தா மரையும்' என்று உடைத்தாக வேண்டும். இதனை வகையுளி என்பர். பழம்பாடல்களில் வகையுளியை நாம் பொறுத்துக்கொள்கிறோம். படிப்பவர் புலவர், உடைந்த சொல்லைத் தாமே ஒட்டிக்கொள்வார். அழைப்பிதழைப் படிப்பவரோ மணமகளின் அத்தை. அவர் கண்ணுக்கு முதலில் 'செந்தா' என்ற பொருளற்ற ஒலியும், அடுத்து மான் வகையொன்றின் பெயராகிய 'மரை'யும் தெரியும். தம் மருமகளின் பெயர் எங்கே என்று தேடுவார். பெயரை உடைத்து வெண்பாவைக் காப்பதைவிட, வெண்பாவைக் கைவிட்டுத் தளைக் கட்டுப்பாடு இல்லாத ஆசிரிய விருத்தத்திற்குச் செல்வதே முறை.

'ரமேஷ்' போன்ற பெயர்கள் வேறொரு வகையில் நம்மைச் சோதிக்கின்றன. குறிலும் நெடிலும் இணைந்து ஒற்றடுத்து வருவதால் இப்பெயர் ஒரே நிரையசை. ஓரசைச் சீருக்கு வெண்பாவில் ஈற்றில் மட்டுமே இடம். 'ரமேஷும்' என்று உம்மை ஏற்றினால் புளிமாவாகி ஈறல்லாத எவ்விடத்தும் நிற்கும். வடவெழுத்தை நீக்கி, மரபுப்படி முன்னே இகரம் சேர்த்து 'இரமேசு' என்று எழுதலாமே என்பார் சிலர். எழுதலாம்; ஆனால் அளவு புளிமாங்காய் ஆகிவிடும், அடுத்த சீரின் தொடக்கமும் மாறவேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தப் பெயருக்குரியவர் அதற்கு இசைகிறாரா என்று கேட்டறிய வேண்டும். பாட்டில் ஒரு பெயரும், அதன்கீழ் உரைநடையில் ஒரு பெயருமாக அச்சேறினால் விருந்தினர் நகைப்பர்.

இனி, ஒரு செய்யுளை முழுமையாக உருவாக்கிப் பார்ப்போம். மணமகன் இளங்கோ, மணமகள் பூங்கொடி, மணநாள் தை 5 என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத் தேதி சனவரி 18 அல்லது 19 ஆக வரும். அதனை உரைநடை சொல்லிக்கொள்ளும். பாட்டிற்குத் தமிழ்த் திங்களே பொருந்தும்.

முதற்சீர் மங்கலமாக இருக்கவேண்டும் என்பது பாட்டியல் நூல்களின் முடிவு. மங்கலம், சொல், எழுத்து, தானம் எனப் பத்துப் பொருத்தங்களை அவை முதற்சொல்லுக்கு வகுத்திருக்கின்றன. அரசர்மேல் பாடிய பெரும் பிரபந்தங்களுக்கு வகுத்த அவ்வளவையும் ஓர் அழைப்பிதழின்மேல் சுமத்தவேண்டியதில்லை. மங்கலச்சொல்லாக இருத்தல், பொருள் மயக்கம் தாராதிருத்தல் என்னும் இரண்டைக் கொண்டாலே போதும். மங்கலம் என்றதும் நம் கை 'மங்கலத் தைத்திங்கள்' என்று எழுத ஓடும். தளையும் சரியே. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: 'மங்கலத்தைத் திங்கள்' என்று கேட்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. கேட்பவர், மங்கலத்தைத் திங்கள் என்ன செய்தது என்று காத்திருப்பார். எனவே மங்கலச் சொற்களுள் மற்றொன்றாகிய 'பொன்'னை எடுத்துக்கொள்வோம். தை அறுவடைக் காலம், நெல்லும் பொன்னிறம். 'பொன்' எதுகைக்கு மணத்தைக் குறிக்கும் 'மன்றல்' என்ற சொல்லும் கிடைக்கிறது.

வெண்பா என்றாலே நம் மனம் நேரிசை வெண்பாவை நாடும். இரண்டாம் அடியின் இறுதியில் தனிச்சொல் பெற்று வரும் அமைப்பு அது. அவ்வாறே முயன்றால் இப்படி ஒரு வரைவு கிடைக்கும்:

பொன்விளையும் தைத்திங்கள் புத்தொளிசேர் ஐந்தாம்நாள்
இன்சொல் இளங்கோ எனும்நம்பி – மன்றலினில்
பூங்கொடியைக் கைப்பிடிப்பான் போந்தினிய வாழ்த்துரைப்பீர்
ஈங்குறவும் நட்பும் இணைந்து

தளை பார்த்தால் பிழையில்லை. முதலிரண்டடியும் தனிச்சொல்லும் ஓரெதுகை. பின்னிரண்டடிக்கு 'பூங்', 'ஈங்' என மற்றோர் எதுகை. ஒவ்வோரடியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைகின்றன. தேர்வுத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் இதனை அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் சற்றே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பெண்வீட்டார் இதனை எப்படிப் படிப்பர்? இளங்கோ இங்கே எழுவாய். அவனுக்கு 'இன்சொல்' என்று ஓர் அடை. 'எனும்நம்பி' என்று மேலும் ஒரு சிறப்பு. பூங்கொடிக்கோ ஓர் அடைமொழியும் இல்லை. அவள் இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாக நிற்கிறாள். வினைமுற்றும் 'பிடிப்பான்' என ஆண்பாலில் ஒருமையாக முடிகிறது. இருவர் பெயருக்கும் நடுவே ஒரு கோடும் வந்து நிற்கிறது. இவ்வளவும் புலவர் வேண்டுமென்று செய்ததன்று. தனிச்சொல்லுக்கு ஓரிடம் கொடுக்கவேண்டியிருந்ததால் இரண்டாம் அடியில் மணமகளுக்கு இடமில்லாமற் போயிற்று. அவள் மூன்றாம் அடிக்கு இறங்கினாள். இறங்கியவளை மேலே உள்ளவனோடு இணைக்க 'ஐ' உருபு தேவைப்பட்டது. யாப்பின் நெருக்கடி இலக்கணத்தை மாற்ற, இலக்கணம் மணமக்களின் நிலையையே மாற்றிவிட்டது. 'எனும்நம்பி' என்பதும் தளை நிரப்ப வந்த சீரேயன்றிப் பொருளால் வேண்டப்பட்டதன்று.

ஆகவே தனிச்சொல் வேண்டாத இன்னிசை வெண்பாவிற்கு மாறுவோம். இரு பெயர்களையும் ஓரடியில் உம்மை கொடுத்து நிறுத்துவோம்:

பொன்விளையும் தைத்திங்கள் புத்தொளிசேர் ஐந்தாம்நாள்
இன்சொல் இளங்கோவும் ஏந்திழையாள் பூங்கொடியும்
மன்றல் அறமேற்பார் வந்தினிய வாழ்த்துரைப்பீர்
அன்புடனே சுற்றமுடன் ஆர்ந்து

இரண்டாம் அடியை அலகிட்டுப் பார்ப்போம். 'இன்சொல்' தேமா, அதன்முன் நிரையில் தொடங்கும் 'இளங்கோவும்' வந்து இயற்சீர் வெண்டளை ஆயிற்று. 'இளங்கோவும்' புளிமாங்காய்; அதன்முன் 'ஏந்திழையாள்' நேரில் தொடங்கி வெண்சீர் வெண்டளை ஆயிற்று. 'ஏந்திழையாள்', 'பூங்கொடியும்' இரண்டும் கூவிளங்காய். அடுத்த அடியின் 'மன்றல்' நேரில் தொடங்குகிறது. ஏனைய அடிகளும் இவ்வாறே ஒழுகுவதை அன்பர்கள் தாமே அலகிட்டுக் காணலாம். 'பொன், இன், மன், அன்' என நான்கடியும் ஓரெதுகை. மோனையில் மூன்றாம் அடி மட்டும் மகரத்தையும் வகரத்தையும் இணைக்கிறது. அவை இன எழுத்துகளாகக் கொள்ளப்படுவன.

இனிப் பதினைந்து சீர்களும் எவ்வாறு செலவாகியிருக்கின்றன என்று கணக்குப் பார்ப்போம். பெயர்களுக்கு இரண்டு. பெயர்களின் அடைகளுக்கு இரண்டு; மணமகனுக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று. திங்களுக்கும் நாளுக்கும் இரண்டு. அவற்றின் அடைகளுக்கு இரண்டு. மணச்செய்திக்கு இரண்டு. எஞ்சிய ஐந்தும் அழைப்புக்கு. வினைமுற்று 'ஏற்பார்' எனப் பலர்பாலாக இருவர்க்கும் பொதுவாயிற்று. ஒருவர் மற்றொருவரைக் கொள்வதாக இல்லாமல், இருவரும் சேர்ந்து ஓர் அறத்தை ஏற்பதாகப் பொருள் அமைந்தது. நேரிசையைவிட இன்னிசை எளிது என்பதற்காக இதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவ்விரு பெயர்களும் நிகராக நிற்பதற்கு அதுவே இடம் தந்தது. செய்யுளின் வகையை முதலில் முடிவு செய்து பெயர்களை அதற்குள் இறக்குவது முறையன்று. பெயர்கள் நிற்கும் நிலையை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற வகையைத் தேடவேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

நம் நாட்டில் இரு வீட்டாரும் தனித்தனியே அழைப்பிதழ் அச்சிடும் வழக்கம் உண்டு. பெண்வீட்டார் தம் மகளின் பெயர் முன்னே வரவேண்டும் என்று விரும்பினால் அது நியாயமான விருப்பமே. இரண்டாம் அடியை மட்டும் இப்படி மாற்றித் தரலாம்:

இன்மொழியாள் பூங்கொடியும் ஏந்தல் இளங்கோவும்

'ஏந்தல்' தேமாவாதலால் 'இளங்கோவும்' என்பதன் நிரைத் தொடக்கம் இங்கும் பொருந்துகிறது. 'இன்', 'ஏந்' என்ற மோனையும் அப்படியே நிற்கிறது. மற்ற மூன்றடிகளில் ஓரெழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. இரு பெயர்களும் ஓரடிக்குள் இருப்பதால்தான் இம்மாற்றம் இவ்வளவு எளிதாயிற்று. நேரிசை வரைவில் இதைச் செய்ய முயன்றால் செய்யுள் முழுவதையும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கும்.

அடுத்து ஈற்றுச்சீரைப் பற்றிச் சொல்லவேண்டும். அழைப்பிதழ் என்பதால் 'வருக' என்று முடிக்கவே எவர்க்கும் ஆசை வரும். அது வெண்பாவில் இயலாது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக இருக்கவேண்டும். 'வருக' என்பது நிரையும் நேருமாகிப் புளிமா ஆகிறது. 'வாரீர்' என்பது தேமா. 'வாழ்த்துக' என்பது கூவிளம். மூன்றும் ஈற்றில் நில்லா. அழைப்பிதழ்களில் காணப்பெறும் வெண்பாக்கள் பெரிதும் இடறி விழும் இடம் இதுவே. முதல் பதினான்கு சீர்களையும் ஒழுங்காக அமைத்துவிட்டு, கடைசியில் 'வருக' என்று முடித்து வெண்பாவைக் கெடுத்துவிடுவர்.

இதற்குரிய தீர்வு, அழைப்பு வினையை மூன்றாம் அடியிலேயே முடித்துவிடுவதுதான். மேற்கண்ட பாட்டில் 'வந்தினிய வாழ்த்துரைப்பீர்' என்று மூன்றாம் அடியிலேயே அழைப்பு நிறைவுற்றது. எப்படி வருவது என்பதை மட்டும் ஈற்றடி சொல்கிறது: அன்புடன், சுற்றத்துடன், நிறைந்து. 'ஆர்ந்து' என்பது நேரசையும் குற்றியலுகரமும் கொண்ட காசு வாய்பாடு. 'இணைந்து', 'மகிழ்ந்து', 'சிறந்து' போன்றவை பிறப்பு வாய்பாட்டில் அமையும். 'ஆர்தல்' என்பதற்கு நிறைதல் என்ற பொருளோடு உண்ணுதல் என்ற பொருளும் உண்டு. கல்யாண வீட்டிற்கு அது பொருந்தாததன்று.

பழந்தமிழ் நடை என்று கேட்டு வந்தவர்களுக்குப் பழஞ்சொற்களைக் கொடுக்கவேண்டியதே. ஆனால் அச்சொற்களை இருவகையாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். 'வதுவை', 'மன்றல்', 'ஏந்திழை' போன்றவை இன்று வழக்கில் இல்லாத சொற்கள். அறியாதவர் அகராதியைப் புரட்டுவார், அல்லது புரிந்தவரைக் கேட்பார், அல்லது ஓசையை மட்டும் சுவைத்துவிட்டுப் போவார். தீங்கில்லை. வேறு சில சொற்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன, ஆனால் வேறு பொருளில். 'நாறுதல்' பழந்தமிழில் நறுமணம் வீசுதல். 'நாறும் மணமாலை' என்று ஒருவர் எழுதினால் புலவர் மகிழலாம். மாலை கட்டியவர் வருந்துவார். 'கடி' என்பதற்கு மணம், காவல், விரைவு, அச்சம் எனப் பல பொருள்கள் உண்டு. இன்று அச்சொல்லைப் பார்க்கும் குழந்தைக்கோ ஒரே பொருள்தான். 'களவு' என்பது அகத்திணையில் உயர்ந்த காதல் ஒழுக்கம். அழைப்பிதழில் அது திருட்டு. அறியாத சொல்லை ஆளலாம். மாறி அறியப்படும் சொல்லை மணவோலையில் ஆளலாகாது.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. 'அழிவில் இன்பம்', 'குறைவில் செல்வம்', 'முடிவில் வாழ்வு' என்று எழுதுவது பழைய மரபு. இங்கே 'இல்' என்பது இல்லாமையைக் குறிக்கும். அழிவு இல்லாத இன்பம் என்பதே புலவரின் கருத்து. இன்று தமிழ் படிப்பவர் காதுக்கோ 'இல்' என்பது ஏழாம் வேற்றுமை உருபு. 'அழிவில் இன்பம்' என்பது 'அழிவினிடத்து இன்பம்' என்று படும். வாழ்த்து என எழுதியது சாபமாக வாசிக்கப்படும். 'முடிவில் வாழ்வு' என்பதைக் கேட்டால், வாழ்வு முடிவில்தான் வருமோ என்று மணமகன் ஐயுறக்கூடும். இதற்கு மாற்று எளிது. எதிர்மறையால் வாழ்த்துவதை விடுத்து உடன்பாட்டால் வாழ்த்தவேண்டும். அழிவில்லா இன்பத்தை 'நிலைத்த இன்பம்' என்றும், குறைவில்லாச் செல்வத்தை 'நிறைந்த செல்வம்' என்றும், பிரியா வாழ்வை 'இணைந்த வாழ்வு' என்றும் சொல்லலாம். அழிவு, குறைவு, பிரிவு என்னும் சொற்களே அட்டையில் இராமற் போவது மங்கல மரபுக்கும் உகந்தது.

செய்யுள் முடிந்ததும் இரு சோதனைகள் செய்யவேண்டும். முதலாவது, அதனை உரைநடையாக மாற்றி எழுதிப் பார்ப்பது. நம் பாட்டு இவ்வாறு வரும்: 'பொன்னென நெல் விளையும் தைத்திங்களில், புத்தொளி சேர்ந்த ஐந்தாம் நாளில், இன்சொல் பேசும் இளங்கோவும் ஏந்திழையாளாகிய பூங்கொடியும் மணமாகிய அறத்தை ஏற்பார்கள், அன்போடு சுற்றத்துடன் நிறைந்து வந்து இனிய வாழ்த்தைக் கூறுங்கள்.' ஒரு சொல்லும் எஞ்சாமல், எழுவாயும் பயனிலையும் தடுமாறாமல் இவ்வாறு வந்தால் செய்யுள் நேர்மையானது. எந்தச் சீருக்கும் உரைநடையில் இடம் கிடைக்கவில்லையென்றால் அது தளைக்காக வந்த சீர். இரண்டாவது, யாப்பறியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. பெயர் வரும் இடத்தில் அவர் தயங்கினால் பாட்டைத் திருத்தவேண்டும். அவரைத் திருத்த முயலக்கூடாது.

கடைசியாக அச்சகம். அழைப்பிதழின் அட்டை குறுகியது; நாற்சீரடியோ நீளமானது. எழுத்துக் கோப்பவர் இடமில்லாத இடத்தில் அடியை முறித்து, நான்காம் சீரை மட்டும் கீழே இறக்கிவிடுவார். அப்போது இன்னிசை வெண்பா தனிச்சொல் பெற்றதுபோலத் தோன்றும். மணமகளின் பெயர் தனியே தொங்கும். ஆகவே அடி நீளும் எனத் தோன்றினால், நாமே ஒவ்வோரடியையும் இரண்டிரண்டு சீர்களாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடவேண்டும். 'இன்சொல் இளங்கோவும்' ஒரு வரி, 'ஏந்திழையாள் பூங்கொடியும்' ஒரு வரி என அது அழகாகவே அமையும். 'ஐந்தாம்நாள்' என்பது ஒரே சீர். அதனை 'ஐந்தாம் நாள்' என்று பிரித்துவிட்டால் யாப்பறிந்தவர் கண்ணுக்கு அடியில் ஐந்து சீர் தெரியும். அச்சுப்படி வந்ததும் சீர்களின் இடைவெளியை எண்ணிப் பார்க்கவேண்டும். மெய்யெழுத்துகளின் புள்ளிகளையும், ணகர னகரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். 'மணம்' என்பது 'மனம்' ஆகிவிடுவது அழைப்பிதழ்களில் அரிதன்று. அட்டை ஆயிரம் வீடுகளுக்குப் போனபின் திருத்தம் வெளியிட முடியாது.

அன்பர்களே, மணநாள் கழிந்ததும் அழைப்பிதழ்கள் பழந்தாள்களோடு சேர்ந்துவிடும். ஆனால் மணமக்கள் வீட்டில் ஒரு படி பெட்டிக்குள் மஞ்சள் பூசியபடி இருக்கும். பல்லாண்டுகள் கழித்து அவர்களின் மகளோ மகனோ அதனை எடுத்துப் படிக்கும்போது, தாயின் பெயரும் தந்தையின் பெயரும் ஒடியாமல், ஒன்றன்கீழ் ஒன்று தாழாமல், ஓரடியில் நிகராக நிற்கக் காணவேண்டும். அதற்கு ஒரு தனிச்சொல்லை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பன்று.